முடக்கப்பட்ட நடப்புக் கணக்கு: ஒரு ஜிஎஸ்டி வசூல் அறிவிப்பு, இரண்டு கடிதங்கள், மூன்று வாரம்

கொங்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பம்புசெட், குழாய், மோட்டார் உதிரி விற்கும் கடை. கடைக்காரர் எனக்குப் பல வருடப் பழக்கம், ஆனால் அவருடைய கணக்கை நான் பார்த்தது கிடையாது. 2025 ஜூன் 3, செவ்வாய்க்கிழமை மதியம் போன் செய்தார். "சார், பசங்களுக்குக் குடுத்த சம்பளச் செக்கு ரிட்டர்ன் ஆயிருச்சுங்க. பேங்க்ல கேட்டா ஜிஎஸ்டி ஆபீஸ்ல இருந்து லெட்டர் வந்திருக்குன்றாங்க. எனக்கு ஒரு நோட்டீஸும் வரலீங்க."

பெயரையும் ஊரையும் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டு அந்த மூன்று வாரத்தை இங்கே எழுதுகிறேன். கணக்கு முடங்கியதும் பலர் செய்யும் முதல் காரியம், "நான் ஒன்றும் தப்புப் பண்ணவில்லை" என்று வரி அலுவலகத்துக்கு நீளமாக ஒரு மனு எழுதுவது. அந்த மனுவால் கணக்கு திறப்பதில்லை. ஏன் திறப்பதில்லை, எந்தக் கடிதத்துக்குத் திறக்கும் என்பதுதான் இந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் பட்டது.

நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: வங்கிக்கு வந்த அறிவிப்பின் நகல். மேலாளர் முதலில் தயங்கினார், பிறகு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்க்காமல் யாருக்கும் எதுவும் எழுதக் கூடாது. ஏனென்றால் ஜிஎஸ்டி சட்டத்தில் வங்கிக் கணக்கில் கை வைக்க இரண்டு வழி உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

முதல் வழி 83ஆம் பிரிவு. விசாரணையோ மதிப்பீடோ நடந்துகொண்டிருக்கும்போது, வருவாயைக் காப்பதற்காக ஆணையர் தற்காலிகமாகப் பற்றுகை செய்வது. அதற்கான படிவம் டிஆர்சி-22. ஓர் ஆண்டுக்கு மேல் அது நிற்காது. அதை எதிர்த்து டிஆர்சி-22ஏ படிவத்தில் ஆட்சேபம் தரலாம். இரண்டாவது வழி 79ஆம் பிரிவு. வரி இவ்வளவு என்று ஏற்கெனவே உத்தரவாகி, கட்ட வேண்டிய காலமும் கடந்த பிறகு வசூலிப்பது. வங்கிக்குப் போகும் அந்த அறிவிப்பு டிஆர்சி-13. ஒன்றுக்கான மனுவை மற்றதற்குக் கொடுத்தால் அது கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். இவருக்கு வந்தது டிஆர்சி-13, தேதி மே 30.

அந்த ஒரு பக்கத்தை இருவரும் வரி வரியாகப் படித்தோம். மேலே கிளை மேலாளர் பெயருக்கு முகவரி. கீழே கடையின் ஜிஎஸ்டி எண், எந்த உத்தரவின்படி பாக்கி என்கிற எண்ணும் தேதியும், காலம் 2020-21. பிறகு ஒரு சிறிய அட்டவணை: வரி 3,84,000 ரூபாய், வட்டி 2,92,600, அபராதம் 38,400, மொத்தம் 7,15,000. அதற்கும் கீழே உள்ள வாசகத்தைத்தான் யாரும் படிப்பதில்லை. அதன் சாரம் இது: இந்த நபருக்கு நீங்கள் தர வேண்டிய பணமோ, அவருக்காக நீங்கள் வைத்திருக்கும் பணமோ இருந்தால், பாக்கி அளவுக்கு அதை அரசுக்குச் செலுத்துங்கள், செலுத்தாவிட்டால் நீங்களே பாக்கிதாரராகக் கருதப்படுவீர்கள்.

"முடக்கு" என்ற சொல் அதில் எங்கும் இல்லை. "எடுத்துக் கொடு" என்றுதான் இருக்கிறது. முடக்கம் என்பது, பணம் கைவிட்டுப் போனால் தன் தலையில் விழும் என்று வங்கி செய்துகொள்ளும் முன்னெச்சரிக்கை. இதிலிருந்து இரண்டு விஷயம் தெளிவாயிற்று. வங்கி மேலாளரிடம் எவ்வளவு கெஞ்சினாலும் அவராகத் திறக்க முடியாது, அவருக்கு வேண்டியது அறிவிப்பு கொடுத்த அதிகாரியின் எழுத்து. இன்னொன்று, கணக்கில் இருக்கும் 2,36,000 ரூபாய் அங்கே பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. எந்த நாளும் அரசுக் கணக்குக்குப் போகலாம். போய்விட்டால் பிறகு மேல்முறையீட்டில் ஜெயித்துத்தான் திரும்பக் கேட்க முடியும்.

அன்று மாலையே ஜிஎஸ்டி தளத்தில் நுழைந்தோம். `Services > User Services > View Notices and Orders` பக்கத்தில் எதுவும் இல்லை. பக்கத்திலேயே இருக்கும் `View Additional Notices/Orders` பக்கத்தைத் திறந்தால் எல்லாம் வரிசையாக இருந்தன. காரணம் கேட்கும் அறிவிப்பு, நேரில் வரச் சொன்ன நினைவூட்டல்கள், கடைசியாக, பாக்கி இவ்வளவு என்று முடிவு செய்த 2025 பிப்ரவரி 12 தேதியிட்ட 73ஆம் பிரிவு உத்தரவு. அவருடைய பதிவில் இருந்த மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் பழைய கணக்காளருடையவை. அந்தக் கணக்காளர் தொழிலையே விட்டுப் போய் மூன்று வருடமாகிறது. குறுஞ்செய்திகள் எல்லாம் அவருக்குப் போயிருக்கின்றன. கடைக்காரர் திரையையே பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கும் மனசு கனத்துவிட்டது. தேதி தவறாமல் ரிட்டர்ன் போட்டவர் அவர்.

வரி எதற்கு? சப்ளையர் ஒருவர் 2020 அக்டோபர் பில்களைத் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-இல் தாமதமாகக் காட்டியிருக்கிறார். அதனால் கடை சரக்கு வாங்கும்போது கொடுத்து, தன் வரியில் கழித்துக்கொண்ட அந்த உள்ளீட்டு வரி, சப்ளையர்கள் காட்டியதை வைத்துத் தளம் தயாரிக்கும் 2020-21 ஜிஎஸ்டிஆர்-2ஏ பட்டியலில் வரவில்லை. அடுத்த ஆண்டில் வந்திருக்கிறது. எடுத்த வரவுக்கும் தெரிகிற வரவுக்கும் வித்தியாசம் 3,84,000. பதில் வராததால் முழுவதையும் மறுத்துவிட்டார்கள். சப்ளையர் வரி கட்டியிருக்கிறார், பில் இருக்கிறது, சரக்கு வந்ததற்கு லாரி ரசீது இருக்கிறது. மேல்முறையீட்டில் சொல்ல நிறைய இருந்தது.

ஆனால் கணக்கைத் திறக்க அதில் எதுவும் உதவாது. கடைக்காரர் அன்று இரவே மூன்று பக்கத்தில் ஒரு மனு எழுதிக்கொண்டு வந்துவிட்டார். இருபத்திரண்டு வருட நேர்மை, நோட்டீஸ் வராதது, சப்ளையர் செய்த தப்பு, பிள்ளைகள் படிப்பு என்று எல்லாம் இருந்தது. எல்லாம் உண்மை. "இதைப் படிச்சா அவர் மனசு இரங்காதுங்களா?" என்று கேட்டார். இரங்கலாம், இரங்கினாலும் அந்த அதிகாரியால் என்ன செய்ய முடியும்? உத்தரவு போட்டாகிவிட்டது. அந்த உத்தரவு சரியா தவறா என்று பார்க்கும் அதிகாரம் இனி மேல்முறையீட்டு அதிகாரிக்குத்தான். வசூல் செய்பவர் முன்னால் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: இந்தத் தொகை இன்றைக்கு வசூலிக்கத் தக்கதா? இல்லை என்பதற்குச் சட்டத்தில் ஒரு காரணம் காட்டினால் அவர் பேனாவை எடுக்கலாம்.

அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடினோம். 78ஆம் பிரிவின்படி, உத்தரவு கிடைத்து மூன்று மாதம் வரை வசூல் தொடங்கக் கூடாது. அதற்கு முன் வேண்டுமென்றால் அதிகாரி காரணத்தை எழுதி வைத்து, சீக்கிரம் கட்டச் சொல்லியிருக்க வேண்டும். பிப்ரவரி 12-இலிருந்து மூன்று மாதம் மே 12-இல் முடிந்தது. அறிவிப்பு மே 30. ஆக அந்த வாதம் நமக்கு இல்லை. (யாருக்காவது மூன்று மாதத்துக்குள்ளேயே டிஆர்சி-13 வந்திருந்தால், கடிதத்தின் முதல் பத்தி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.) பணம் ஏற்கெனவே, நாமாக வரி கட்டும் டிஆர்சி-03 படிவம் வழியாகக் கட்டியிருந்து, உத்தரவோடு இணைக்கப்படாமல் கிடந்தால் அதுவும் நல்ல காரணம். டிஆர்சி-03ஏ போட்டு இணைத்தால் பாக்கி குறையும். இவர் அப்படி எதுவும் கட்டவில்லை.

மிஞ்சியது 107ஆம் பிரிவு. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், அது போய்விட்டது. ஆனால் போதிய காரணம் இருந்தால் மேலும் ஒரு மாதத் தாமதத்தை மேல்முறையீட்டு அதிகாரி மன்னிக்கலாம். அந்த ஒரு மாதம் ஜூன் 12-இல் முடிகிறது. நாங்கள் உட்கார்ந்திருந்தது ஜூன் 3. அன்றைக்குச் செக் திரும்பாமல் பத்து நாள் கழித்துத் திரும்பியிருந்தால் இந்தக் கதவு மூடியிருக்கும். மேல்முறையீட்டோடு தகராறில் உள்ள வரியில் பத்து சதவீதத்தை முன்வைப்பாகக் கட்டினால், மீதித் தொகையின் வசூல் நிறுத்திவைக்கப்பட்டதாகக் கருதப்படும் என்கிறது 107(7). அந்தப் பத்து சதவீதம் வரிக்கு மட்டும்தான், வட்டிக்கும் அபராதத்துக்கும் இல்லை. ஆக 38,400 ரூபாய். 7,15,000 ரூபாய் வசூலை நிறுத்த 38,400 போதும் என்றதும் அவருக்கு முதல்முறையாக முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

கணக்குதான் முடங்கியிருக்கிறதே, எங்கிருந்து கட்டுவது? ஜிஎஸ்டி செலான் யாருடைய நெட் பேங்கிங்கிலிருந்தும் கட்டலாம். அவருடைய தம்பி கணக்கிலிருந்து கட்டினோம். ஜூன் 6 வெள்ளிக்கிழமை ஏபிஎல்-01 படிவத்தில் மேல்முறையீடு, அதோடு தாமத மன்னிப்பு மனு. நோட்டீஸ் பார்க்காத கதையும் பழைய கணக்காளரின் மின்னஞ்சலும் போக வேண்டிய இடம் இதுதான். அங்கே விரிவாக எழுதினோம். அன்றே தற்காலிக ஒப்புகை வந்தது.

இதற்கு நடுவே வங்கிக்கும் ஒரு கடிதம் கொடுத்தோம். நடப்புக் கணக்கோடு அவருடைய கேஷ் கிரெடிட் கணக்கையும் சேர்த்து முடக்கியிருந்தார்கள். பத்து லட்சம் வரம்பு, அதில் 6,40,000 எடுத்தாகிவிட்டது, இன்னும் 3,60,000 எடுக்கலாம். அந்த 3,60,000 அவர் பணமா? இல்லை, வங்கி கொடுக்கத் தயாராக இருக்கும் கடன். அந்தக் கணக்கில் வங்கிக்கு அவர்தான் பாக்கி. அவருக்கு வங்கி எதையும் தர வேண்டியதில்லை. டிஆர்சி-13 பிடிப்பது "அவருக்குத் தர வேண்டிய அல்லது அவருக்காக வைத்திருக்கும்" பணத்தை. எடுக்காத ஓவர்டிராஃப்ட் தொகை வாடிக்கையாளருக்கு வங்கி தர வேண்டிய கடன் ஆகாது என்று வருமான வரி வழக்கொன்றில் 1958-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, கே.எம்.ஆதம் வழக்கு என்பார்கள். அதைக் குறிப்பிட்டு அரைப் பக்கத்தில் எழுதினோம். மேலாளர் தங்கள் சட்டப் பிரிவுக்கு அனுப்பினார். ஜூன் 12 அன்று அந்தக் கணக்கை மட்டும் விடுவித்தார்கள். கடை நின்றுபோகாமல் இருந்தது அதனால்தான். கேஷ் கிரெடிட் கணக்கில் எடுத்ததைவிட அதிகமாகப் பணம் போட்டு வைத்திருந்தால், அந்த மிகுதிக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி முக்கியமான கடிதம். ஜூன் 9, திங்கட்கிழமை, வரி அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம். அடையாள விவரங்களை நீக்கி அப்படியே தருகிறேன்.

> பெறுநர்: மாநில வரி அலுவலர் அவர்கள்.
>
> பொருள்: 2020-21ஆம் ஆண்டு வரிக்கோரிக்கை – மேல்முறையீடும் முன்வைப்புத் தொகையும் செலுத்தப்பட்டது – டிஆர்சி-13 அறிவிப்பைத் திரும்பப் பெறக் கோருதல்.
>
> பார்வை: 1. 12.02.2025 தேதியிட்ட உத்தரவு. 2. வங்கிக்கு அனுப்பப்பட்ட 30.05.2025 தேதியிட்ட டிஆர்சி-13 அறிவிப்பு. 3. 06.06.2025 தேதியிட்ட மேல்முறையீட்டின் தற்காலிக ஒப்புகை. 4. முன்வைப்புத் தொகை செலுத்திய விவரம்.
>
> ஐயா,
>
> பார்வை 1-இல் கண்ட உத்தரவின்படியான ரூ.7,15,000-ஐ வசூலிக்க, பார்வை 2-இல் கண்ட அறிவிப்பு எங்கள் வங்கிக்கு வழங்கப்பட்டுள்ளது. அதன் பேரில் எங்கள் நடப்புக் கணக்கு 03.06.2025 முதல் முடக்கப்பட்டுள்ளது.
>
> மேற்படி உத்தரவை முழுவதுமாக எதிர்த்து 06.06.2025 அன்று மேல்முறையீடு செய்துள்ளோம். 107(6) பிரிவின்படி, தகராறிலுள்ள வரியான ரூ.3,84,000-இல் பத்து சதவீதமான ரூ.38,400 செலுத்தப்பட்டுவிட்டது. மேல்முறையீடு 107(4) பிரிவு அனுமதிக்கும் கூடுதல் ஒரு மாதத்துக்குள், தாமத மன்னிப்பு மனுவுடன் தாக்கல் செய்யப்பட்டுள்ளது.
>
> 107(7) பிரிவின்படி, முன்வைப்புத் தொகை செலுத்தப்பட்டால் மீதித் தொகைக்கான வசூல் நடவடிக்கை நிறுத்திவைக்கப்பட்டதாகக் கருதப்படும். எனவே 79(1)(c)(iv) பிரிவு தங்களுக்கு அளித்துள்ள அதிகாரத்தின்படி பார்வை 2-இல் கண்ட அறிவிப்பைத் திரும்பப் பெற்று, அதை வங்கிக் கிளைக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.
>
> தாமத மன்னிப்பு மனு முடிவாகும் வரை காத்திருக்க வேண்டும் எனத் தாங்கள் கருதினால், அதே பிரிவின்படி பணம் செலுத்துவதற்கான கால அளவை நீட்டித்து, அதுவரை கணக்கிலுள்ள தொகையை அனுப்ப வேண்டாம் என வங்கிக்குத் தெரிவிக்கக் கோருகிறோம்.
>
> நகல்: கிளை மேலாளர்.

இவ்வளவுதான். வரி தவறு என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கடைசிப் பத்தியை எழுதலாமா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். முழுதாகக் கேட்கும்போதே குறைவாகவும் கேட்டால், குறைவானதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பயம் அந்த 2,36,000 போய்விடுமோ என்பது.

முதலில் கிடைத்ததும் அந்தக் குறைவானதுதான். அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு, "மேல்முறையீடு லேட்டா போட்டிருக்கீங்க. அவங்க ஏத்துக்கிட்டாங்கன்னு பேப்பர் வரட்டும், அதுக்கு முன்னாடி நான் எப்படி எடுக்கறது?" என்று கேட்டார். முன்வைப்பு கட்டியதுமே தடை வந்துவிடுகிறது என்று நான் பிரிவைக் காட்டினேன். தாமதம் மன்னிக்கப்படாவிட்டால் மேல்முறையீடே இல்லை, அப்புறம் தடை ஏது என்பது அவர் பக்கம். அதிலும் நியாயம் உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் கடைசிப் பத்தியை ஏற்றுக்கொண்டார். மேல்முறையீட்டு அலுவலகத்திலிருந்து முடிவு வரும் வரை தொகையை அனுப்ப வேண்டாம் என்று மறுநாளே வங்கிக்குக் கடிதம் போனது. பணம் முடங்கித்தான் கிடந்தது, ஆனால் கைவிட்டுப் போகவில்லை.

ஜூன் 19 அன்று தாமதம் மன்னிக்கப்பட்டு, ஏபிஎல்-02 படிவத்தில் இறுதி ஒப்புகை கிடைத்தது. அதை இணைத்து இரண்டாவது கடிதம், ஐந்தே வரி: முந்தைய கடிதத்தின் தேதி, ஏபிஎல்-02 எண், இப்போது திரும்பப் பெறுங்கள். ஜூன் 23 அன்று அதிகாரி அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். அந்தக் கடிதம் தபாலில் போய்ச் சேரட்டும் என்று விடாமல், நகலைக் கையோடு வாங்கிக்கொண்டு போய் வங்கியில் கொடுத்தார் கடைக்காரர். மறுநாள் மதியம் கணக்கு திறந்தது. ஆட்களுக்குச் சம்பளத்தை அன்று மாலையே போட்டுவிட்டார்.

ஜூன் 12 கடந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இதேபோல் மாட்டிக்கொண்ட இருவர் பிறகு கேட்டார்கள். அந்த நான்கு மாதத்துக்கு அப்பால் தாமதத்தை மன்னிக்க மேல்முறையீட்டு அதிகாரிக்கு அதிகாரம் இல்லை. அப்போது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். நோட்டீஸ் தளத்தில் மட்டும் ஏற்றப்பட்டு, வியாபாரி பார்க்காமலேயே உத்தரவான பல வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொல்லியிருக்கிறது. பெரும்பாலும் தகராறு வரியில் பத்து சதவீதமோ இருபத்தைந்து சதவீதமோ கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கட்டினால் வங்கி முடக்கத்தை நீக்கவும் சொல்வார்கள். அது நீதிமன்றத்தின் விருப்புரிமை, உரிமையாகக் கேட்க முடியாது, வழக்கறிஞர் செலவும் உண்டு. வரி உண்மையிலேயே பாக்கிதான், ஒரேயடியாகக் கட்ட வழியில்லை என்றால் 80ஆம் பிரிவின்படி டிஆர்சி-20 படிவத்தில் தவணை கேட்கலாம், அதிகபட்சம் இருபத்து நான்கு மாதம். ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும். ரிட்டர்னில் நாமே காட்டிவிட்டுக் கட்டாமல் விட்ட வரிக்கு அந்தச் சலுகை கிடையாது.

கணக்கு திறந்த அன்றே `Services > Registration > Amendment of Registration Non-Core Fields` பக்கத்தில் போய்ப் பழைய கணக்காளரின் மின்னஞ்சலையும் எண்ணையும் எடுத்துவிட்டு, கடைக்காரரின் சொந்த எண்ணைச் சேர்த்தோம். ஓடிபி அவருடைய கைப்பேசியிலேயே வந்தது. மேல்முறையீடு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. சப்ளையரின் ரிட்டர்ன் நகல்களையும் லாரி ரசீதுகளையும் தேதி வாரியாக அடுக்கி ஒரு கோப்பில் கட்டி வைத்திருக்கிறார்; கடையின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது.